விரத மாசத்து நடுவலி

எனக்கு மாசா மாசம் ஒரு வலி வரும். பீரியட் வலி இல்ல, அது வேற. ஒரு பீரியடுக்கும் அடுத்த பீரியடுக்கும் சரியா நடுவுல, தொப்புளுக்குக் கீழ ஒரு பக்கமா, உள்ளேருந்து யாரோ நறுக்குன்னு கிள்ளுற மாதிரி வரும். ஒரு மாசம் வலது பக்கம், ஒரு மாசம் இடது பக்கம். சில தடவ ஒரு மணி நேரத்துல போயிடும், சில தடவ அரை நாள் இருந்து உயிர வாங்கும். அப்புறம் ஒன்னுமே நடக்காத மாதிரி காணாமப் போயிடும். நான் அதுக்கு நடுவலின்னு பேரு வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் சிக்னல்னு சொல்லுவாரு.

வலிச்சா சந்தோஷப்படுற பொம்பளைய நீங்க பாத்திருக்கீங்களா? நான்தான் அது. ஆபீஸ்ல உக்காந்து டைப் அடிச்சிக்கிட்டிருப்பேன், சுரீர்னு ஒரு பக்கம் இழுக்கும், உடனே கைய வயித்துல வச்சிக்கிட்டு சிரிப்பேன். பக்கத்து மேசை சீனத்தி என்னைப் பாத்து, "யூ ஓகே ஆ?" ன்னு கேப்பா. "ஓகே லா"ன்னுட்டு போன எடுத்து அவருக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவேன். சிக்னல்.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, கிள்ளான் பக்கம் பண்டமாரான்ல. அவரு துறைமுகத்துல கன்டெய்னர் லோரி ஓட்டுறாரு, ஷிப்ட் வேலை. நான் கிள்ளான்ல ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ்ல கிளார்க். எங்ககூட அவரோட அம்மா, என் அத்தை இருக்காங்க. எனக்குக் கல்யாணம் ஆகும்போதே முப்பத்தி நாலு. இப்ப முப்பத்தெட்டு. இந்த ரெண்டு நம்பரையும் சேத்துச் சொன்னாலே பண்டமாரான்ல பாதிப் பேருக்கு என் கதை புரிஞ்சிடும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி யாராவது ஒரு ஆன்டி வந்து, "என்னம்மா, விசேஷம் ஒன்னும் இல்லையா?"ன்னு கேக்கும். அதுக்கப்புறம் சோறு எங்க எறங்கும்?

எனக்குப் புள்ள வேணும். அத சுத்தி வளைச்சுச் சொல்றதுக்கு எனக்குத் தெரியாது. புள்ள வேணும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில குட்டிச் சட்டை காயுறதப் பாத்தா ஜன்னல சாத்திட்டு உள்ள போயிடுவேன்.

இந்த வலிக்கு நாங்க ஏன் இப்படிக் காத்துக் கிடந்தோம்னா, கல்யாணமான புதுசுல நான் போன்ல ஒன்னு படிச்சேன். முட்டை வெடிச்சு வெளிய வர்ற நேரத்துல சில பொம்பளைங்களுக்கு வயித்துல வலிக்கும்னு போட்டிருந்துச்சு. அந்த ஒரு வரிய புடிச்சிக்கிட்டேன். மிச்சத்த யாரு படிச்சா? முட்டை வர்ற நேரம் எனக்குத் தானா தெரியுது, மத்தவளுங்களுக்கு இல்லாத வரம் எனக்கு இருக்குன்னு நெனச்சேன். அன்னிக்கு மட்டும் சேந்தா போதும், கட்டாயம் நிக்கும்னு முடிவு பண்ணிட்டேன்.

அவரு தன் பங்குக்கு ஒன்னு சேத்தாரு. லோரி யார்டுல எவனோ ஒரு புண்ணியவான் சொன்னானாம், சும்மா சும்மா செலவு பண்ணக் கூடாது, சேத்து வச்சாத்தான் சத்துன்னு. அத்தை தன் பங்குக்கு, செவ்வாய் வெள்ளி ஆகாது, சஷ்டி ஆகாது, கிருத்திகை ஆகாது, பௌர்ணமி ஆகவே ஆகாதுன்னாங்க. அதுவும் சஷ்டி விரதம் புள்ள வரத்துக்குன்னே இருக்கிற விரதமாச்சே, அதுல விளையாட முடியுமா? இதெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்தா எங்களுக்குன்னு மாசத்துல மிஞ்சுனது அந்த வலி வர்ற நாள் ஒன்னுதான். அது வெள்ளிக்கிழமையில வந்து தொலைச்சா அவரு சாமி ரூம் பக்கம் திரும்பி, "முருகா, மன்னிச்சுக்க"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு வருவாரு.

டெஸ்ட்டும் எடுத்தோம். எனக்கு ரத்தம், ஸ்கேன், கருக்குழாய்ல மருந்து விட்டு எடுக்குற எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரேல நான் கத்துன கத்து வாசல்ல உக்காந்திருந்த அவருக்குக் கேட்டிருக்கு. அவருக்கும் எடுத்தாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எல்லாம் நல்லா இருக்காம்! ஏதாவது ஒன்னு கெட்டுப் போயிருந்தா அதையாவது புடிச்சுத் திட்டலாம். நல்லா இருக்குன்னு சொன்னா யாரத் திட்டுறது?

அப்புறம்தான் காவடி வேண்டுதல். புள்ளைக்காக மூணு வருஷம் பத்துமலைக்கு அலகு குத்திக் காவடி எடுக்குறதா அவரு வேண்டிக்கிட்டாரு. நான் சொல்றது மூணாவது வருஷத்துக் கதை. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள் விரதம். மாலை போட்டா வீடே மாறிடும். மீன் சட்டியெல்லாம் பின்னாடி ஸ்டோருக்குப் போயிடும். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தாடி வளரும். ஹால்ல பாய் போட்டுத் தனியாப் படுப்பாரு. என் நிழல்கூட மேல படாம ஒதுங்கிப் போவாரு. புள்ளைக்காகத்தான் எல்லாம்.

அந்த வருஷம் மாலை போட்ட கொஞ்ச நாள்லயே எனக்கு நடுவலி வந்துருச்சு. கட்டில்ல உக்காந்து வயித்தப் புடிச்சிக்கிட்டிருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஹால்ல பாயில உக்காந்து அவரு கந்தர் கவசம் படிச்சிக்கிட்டிருந்தாரு. என்னைப் பாத்தாரு. அவருக்குத் தெரியும். எனக்கும் அவருக்குத் தெரியும்னு தெரியும். கண்ண மூடிக்கிட்டு இன்னும் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு. எனக்கு அந்தப் புத்தகத்தப் புடுங்கி வீசணும் போல வந்துச்சு. செய்யல. சாமி விஷயமாச்சே.

அந்த மாசமும் பீரியட் வந்துச்சு. வராம எங்க போவும்? எங்க வீட்டுல மாலை போட்டிருக்கும்போது பீரியட் வந்தா நான் அங்க இருக்கக் கூடாது. ரவாங்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிடணும். அதனால பைய எடுத்துக்கிட்டு நான் வாசப்படி எறங்குனாலே எங்க வீட்டு வரிசைக்கே தெரிஞ்சிடும், இந்த மாசமும் இல்லன்னு. வாசல் கேட்டத் தொறக்குறப்ப எதுத்த வீட்டுக்காரி, "அம்மா வீட்டுக்கா?"ன்னு கேட்டா. "ஆமாக்கா"ன்னேன். வேற என்ன சொல்றது? மைக் வச்சுச் சொல்லவா?

கிள்ளான்ல கொமியூட்டர் ஏறி உக்காந்தேன். ரவாங் வரைக்கும் ஒரே ரயில். ஷா ஆலம் தாண்டுறதுக்குள்ள அழுகை வந்துருச்சு. பக்கத்துல உக்காந்திருந்த மலாய்க்கார அக்கா பேசாம ஒரு டிஷ்ஷூ பாக்கெட்ட என் மடியில வச்சாங்க. அதுல இன்னும் ஜாஸ்தியாச்சு. கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தப்ப எனக்கே தெரியல, பையோட எறங்கிட்டேன். பக்கத்துலேயே பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, பொம்பளைங்க விஷயத்துக்கு நல்லவங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தி சொல்லியிருந்தா. நேரா அங்க போனேன்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம். வயசானவங்க. பேச்சுல அந்த இழுப்பு இன்னும் இருந்துச்சு. என்ன செய்யுதுன்னு கேட்டாங்க. நான் பைய மடியில வச்சிக்கிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டேன். வலி, சிக்னல், எல்லாம்.

"வலி வாற அண்டைக்கு மட்டும்தானா சேருறியள்?"

"ஆமாம் டாக்டர்."

"மற்ற நாள்?"

"விரதம் டாக்டர்."

"எந்த விரதம்?"

"எல்லா விரதமும்தான்."

"எதுக்கு இவ்வளவு விரதம்?"

"புள்ளைக்கு."

அவங்க சிரிக்கல. கண்ணாடியக் கழட்டித் துடைச்சிட்டுத் திரும்பப் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. மாசா மாசம் சினைப்பையில ஒரு சின்ன நீர்ப்பை வளருமாம். அதுக்குள்ளதான் முட்டை இருக்குமாம். அது பெரிய திராட்சை அளவுக்கு வீங்கும்போது சினைப்பையோட தோல் இழுபடும், அதுல சிலருக்கு வலிக்கும். அப்புறம் அது வெடிச்சு முட்டை வெளிய வரும்போது உள்ள இருந்த தண்ணியும் சில சமயம் கொஞ்சம் ரத்தமும் வயித்துக்குள்ள சிந்தும். அது பட்டு வயித்தோட உள்தோல் எரியும், அதுல சிலருக்கு வலிக்கும்.

"உங்களுக்கு எதால வலிக்குது எண்டு ஒருத்தராலயும் உறுதியாச் சொல்ல ஏலாது. அதால வலி முட்டை வாறதுக்கு முன்னுக்கும் வரலாம், அதே நேரத்திலயும் வரலாம், வந்த பிறகும் வரலாம்."

"அப்ப வலிக்கிற அன்னிக்கு..."

"சில மாசம் சரியா இருக்கும். சில மாசம் பிந்திப் போயிருக்கும். முட்டை வெளிய வந்தா ஒரு நாளைக்கு மேல தாங்காது பிள்ளை. ஆம்பிளையின்ர விந்து அப்பிடி இல்ல. நல்ல வழுவழுப்பு இருக்கிற நாளில உள்ள போனா மூண்டு நாள், சில நேரம் அஞ்சு நாள்கூட உயிரோட இருக்கும். முதலே போய் அங்க நிக்க வேணும். நீங்கள் விருந்தாளி வீட்டுக்குள்ள வந்து இருந்த பிறகு அரிசி ஊறப் போடுறியள்."

வலிக்கு முன்னாடி இருக்கிற அந்த நாலஞ்சு நாள்தான் முக்கியமாம். அந்த நாள்ல ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சேரணுமாம். அந்த நாள்லதான் நாங்க சத்து சேக்குறோம்னு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தோம். சேத்து வைக்கிறதுல ஒரு புண்ணியமும் இல்லன்னு அதையும் சொல்லிட்டாங்க.

"அப்ப இந்த வலி சும்மாவா டாக்டர்?"

"சும்மா இல்ல. முட்டை வாற மாதிரித்தான் இருக்கு எண்டு ஒரு துப்புத் தருது. மாசா மாசம் எழுதி வச்சா அடுத்த மாசம் எப்ப வரும் எண்டு ஓரளவுக்குத் தெரியும். ஆனா அதைக் கண்ட பிறகு ஓடத் தொடங்கக் கூடாது."

வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு இழுத்தா வருதான்னு பாக்கச் சொன்னாங்க. அதுதான் ஆரம்பம், அப்பவே சேரணும். பார்மஸில ஒரு ஸ்ட்ரிப் விக்குது, மூத்திரத்துல முக்கிப் பாக்கணும். ரெண்டாவது கோடு நல்லா அழுத்தமா வந்தா முட்டை இன்னும் ஒரு நாள், ஒன்றரை நாள்ல வரும்னு அர்த்தமாம். ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு, சினைப்பையில பழைய ரத்தம் தேங்குற சாக்லேட் கட்டி மாதிரி ஒன்னும் தெரியலன்னாங்க. வலி நாள்கணக்கா நீண்டாலோ, தாங்க முடியாமப் போனாலோ, காய்ச்சலோட வந்தாலோ உடனே வரச் சொன்னாங்க. கடைசியா என் கையப் புடிச்சிக்கிட்டு, "நாளைச் சரியாப் பிடிச்சாலும் உங்கட வயசுக்கு எல்லா மாசமும் நிக்காது. நான் பொய் சொல்ல மாட்டன். பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தாறன், ரெண்டையும் செய்யுங்கோ. இனிமே நாள் கடத்தாதேங்கோ"ன்னாங்க.

வெளிய வந்து பூக்கடை பக்கத்துல நின்னேன். மல்லிகைப்பூ கட்டுறாங்க, ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுது, வடை பொரியுற வாசனை. எனக்கு அங்கேயே உக்காந்து தலையில அடிச்சிக்கணும் போல இருந்துச்சு. எத்தன மாசம்! எத்தன மாசம் அந்த வலிய நான் கொஞ்சியிருக்கேன்!

ரவாங்ல இருந்து திரும்புனதும் அவருகிட்ட பேசணும். வீட்டுல அத்தை காது நீளம். அதனால காய்கறி வாங்க பாசாருக்குப் போற சாக்குல அவரக் கார்ல கூட்டிட்டுப் போயி, சாமான் வாங்காம கார்லேயே உக்காந்து சொன்னேன். டாக்டரம்மா சொன்னது அவ்வளவையும் சொன்னேன். அவரு ஸ்டியரிங்க பாத்துக்கிட்டே கேட்டாரு.

"மாலை போட்டிருக்கேன்மா."

"தெரியும். அந்த நாலஞ்சு நாளுக்கு மட்டும்."

"நாலஞ்சு நாளா? விளையாடுறியா? என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அப்புறம் காவடி தூக்குறது?"

"போன மாசம் போச்சு. இந்த மாசமும் போகட்டுமா? டாக்டரம்மா நாள் கடத்தாதன்னு சொல்றாங்க. எனக்கு வயசு கொறையுதா?"

அவரு ஸ்டியரிங்க விட்டுட்டு என் பக்கம் திரும்புனாரு. அப்புறம் குரல் எறங்கிப் போச்சு. "அலகு குத்தும்போது ரத்தம் வந்தா என்ன பண்றது? விரதம் பெசகுனவனுக்குத்தான் ரத்தம் வரும். ஊரே பாக்கும். அம்மா பாக்கும்." அவரு பயந்து நான் அன்னிக்குத்தான் பாத்தேன். நாப்பதடி கன்டெய்னர அசால்ட்டா ரிவர்ஸ் எடுக்கிற மனுஷன், ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பயப்படுறாரு.

கடைசில ஒரு பேரம் பேசுனாரு. "ஒரு தடவைன்னா முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். புள்ளைக்காகத்தான்னு சொல்லிக்கிறேன். ஒரே ஒரு தடவ. நீ சிக்னல் வந்ததும் சொல்லு."

"ஐயோ, சிக்னல் வந்தா லேட்டா இருக்கலாம்னு இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துறேன்ல!"

"இருக்கலாம்னுதானே சொன்னாங்க? கரெக்டாவும் இருக்கலாம்ல? வலி வரட்டும். வலிக்காம மாலையக் கழட்ட எனக்கு மனசு வராது."

பாத்தீங்களா? வலிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல. கோவத்துல கார் கதவ அறைஞ்சு சாத்திட்டு எறங்கி, வேணாத கத்திரிக்காய அள்ளிட்டு வந்தேன். அன்னிக்குச் சமைக்கும்போதே முடிவு பண்ணிட்டேன். ஒரே தடவதான்னா அத நான் வலிக்கு விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஸ்ட்ரிப் வாங்குனேன். ஆபீஸ் டாய்லெட்ல தெனமும் பாத்தேன். மொதல்ல ரெண்டாவது கோடு இருக்கா இல்லையான்னே தெரியாது. லைட்டுக்கு நேரா புடிச்சு, சாச்சுப் புடிச்சு, கண்ணு வலிக்கப் பாப்பேன். அப்புறம் வழுவழுப்பும் வந்துச்சு, டாக்டரம்மா சொன்ன மாதிரியே. என் ஒடம்பு இத்தன வருஷமா இத என்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. எவ பாத்தா? அதுக்கடுத்த நாள் விடியக்காலையில வீட்டு பாத்ரூம்லேயே வச்சுப் பாத்தேன். கோடு பளிச்னு நின்னுச்சு. வலி இல்ல. ஒரு துளிகூட இல்ல.

அவரு நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில வந்தாரு. அத்தை அப்பதான் பாசாருக்குக் கெளம்பிப் போயிருந்தாங்க. கேட் சத்தம் கேட்டதும் நான் சிங்க் பக்கத்துல குனிஞ்சு, வலது பக்கம் கைய அழுத்திக்கிட்டு, "ஐயோ"ன்னேன்.

பொய்தான். சொன்னேன். திரும்ப அதே நெலமை வந்தா திரும்பவும் சொல்லுவேன்.

அவரு சாப்பாட்டுப் பைய கீழ வச்சாரு. என்னையே பாத்தாரு. "சிக்னலா?"ன்னாரு. நான் தலைய ஆட்டுனேன், வாயத் தொறந்தா பொய் கொழறிடும்னு பயம். அப்புறம் போயி சாமி மேடை திரைய இழுத்து மூடுனாரு. மாலையக் கழட்டி வெள்ளத் துணியில சுத்தி அலமாரி மேல வச்சாரு. குளிச்சிட்டு வந்தாரு.

அத நான் எப்படிச் சொல்றது? ஆசையெல்லாம் அதுல இல்ல. ரெண்டு பேரும் கண்ண மூடிக்கிட்டோம். அவரு தாடி என் கன்னத்துல குத்துச்சு, அது ஈரமா இருந்துச்சு. குளிச்ச தண்ணின்னு நெனச்சேன். அழுதிருக்காரு. நான் அவரு முதுகத் தடவி, "சரி, சரி"ன்னேன், ஏதோ சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி. முடிஞ்சதும் எழுந்து திரும்பக் குளிச்சு மாலையப் போட்டுக்கிட்டு, தரையில விழுந்து கும்புட்டுட்டு, ஹால்ல பாயில சுருண்டு படுத்துக்கிட்டாரு. அத்தை வர்றதுக்குள்ள நான் பெட்ஷீட்ட மெஷின்ல போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கோயில்ல காவடிக்காரங்களுக்குச் சாப்பாடு. நான் சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு பந்தியில போய்க்கிட்டிருந்தேன். அப்ப வந்துச்சு. நெஜ வலி. இடது பக்கம். நான் புடிச்சது வலது, அது வந்தது இடது, என் பொழப்பப் பாருங்க! அந்த மாசம் மாதிரி அது எப்பவும் வந்ததில்ல. நின்ன எடத்துல மூச்சு நின்னுச்சு. குனிய முடியாது. குனிஞ்சா அத்தை கேப்பாங்க, அத்தை கேட்டா அவரு பாப்பாரு, பாத்தா நேத்துக் காலையில நடந்தது பொய்யின்னு ஆயிடும். பல்லக் கடிச்சிக்கிட்டு நிமுந்து நின்னேன். வருஷக்கணக்கா வந்ததும் சிரிச்சு வரவேத்த வலிய, கோயில்ல அத்தன பேரு மத்தியில வாயப் பொத்தி உள்ளேயே வச்சிருந்தேன். உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷமும் இருந்துச்சு. டாக்டரம்மா கணக்கு சரியா வருது. முட்டை இப்பதான் வருது, அவரோடது நேத்துலேருந்தே அங்க காத்துக்கிட்டு இருக்கு. முருகா, இந்த ஒரு தடவ, இந்த ஒரே ஒரு தடவன்னு மனசுக்குள்ள கெஞ்சுனேன்.

அவரு பந்தியிலேருந்து எழுந்து வந்து, "குடு"ன்னு வாளிய வாங்கிட்டுப் போயிட்டாரு. பாரம்னு நெனச்சிருப்பாருன்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. மார்பு கனத்தா சந்தோஷம். காப்பி வாசனை கொமட்டுனா சந்தோஷம். மறுநாள் கொமட்டலன்னா உயிரே போயிடும். டாய்லெட் போறதுக்கே பயந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளாடையப் பாக்குறதுக்கு முன்னாடி கண்ண மூடிக்குவேன்.

தைப்பூசத்துக்கு மொத நாள் காலையில வந்துருச்சு.

பாத்ரூம் தரையில உக்காந்துட்டேன். வெளிய அத்தை காவடிக்கு மயிலிறகு எண்ணி எடுத்து வச்சிக்கிட்டே யாருகிட்டயோ சத்தமாப் பேசிக்கிட்டு இருந்தாங்க. கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன். அப்புறம் மூஞ்சியக் கழுவிட்டு, பைய எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். அத்தை பையப் பாத்தாங்க. திட்டுனாங்கன்னா தேவல. "இந்த வருஷமும் உனக்குப் பாக்கக் குடுத்து வைக்கல"ன்னு சொல்லிட்டு முந்தானையில மூக்கத் தொடைச்சாங்க. அவரு ஷிப்ட்டுல இருந்தாரு. அவருகிட்ட சொல்லாமலே ரயில் ஏறிட்டேன்.

தைப்பூசத்தன்னிக்கு ரவாங்ல வீடு காலி. எங்கம்மாவும் பத்துமலைக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் சுடுதண்ணிப் பையக் கட்டிக்கிட்டு சோபாவுல கெடந்தேன். அத்தை வீடியோ அனுப்புனாங்க. ஆத்தங்கரையில உறுமி அடிக்குது, வேல் வேல்னு கத்துறாங்க, அவரு கண்ணு சொருகி நிக்கிறாரு. நாக்க நீட்டுனாரு. வேல் உள்ள போச்சு. நான் போன மூஞ்சிக்கிட்ட வச்சுப் பாத்தேன், திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன். ஒரு சொட்டு ரத்தம் வரல.

அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த நிமிஷமே ஆத்திரம் வந்துச்சு. அவருக்கு ஒரு சொட்டு வரல, எனக்கு நிக்காமப் போவுது. போன சோபாவுல வீசிட்டு அம்மா வீட்டு முருகன் படத்தப் பாத்துக் கத்துனேன். என்ன கத்துனேன்னு இங்க எழுத முடியாது.

மத்தியானம் தாண்டி அவரு போன் பண்ணாரு. மலை மேல ஏறி காவடிய எறக்கி வச்சு அலகு கழட்டியாச்சு. நாக்கு மரத்துப் போயி பேச்சு கொழகொழன்னு வந்துச்சு. பின்னால ஒரே கூச்சல்.

"வந்துருச்சா?"ன்னாரு.

"ம்."

உடனே நானே பேச்ச மாத்துனேன். "ரத்தம் வரல, பாத்தேன்."

"ஆமா. வரல." மூச்சு வாங்குனாரு. "கோயில்ல, சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு நின்னியே, அப்பதானே நெஜமா வலிச்சுச்சு?"

நான் சுடுதண்ணிப் பைய ஓரமா வச்சேன்.

"சிக்னல் வந்தா நீ ஐயோன்னு சொல்ல மாட்ட. பல்லக் கடிச்சிக்கிட்டு சிரிப்ப. நாலு வருஷமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா? அன்னிக்குக் காலையில சிங்க் கிட்ட உனக்கு வலிக்கவே இல்ல."

"தெரியுமா?" சோபாவுல எழுந்து உக்காந்தேன். "தெரிஞ்சுமா மாலைய..."

"தெரிஞ்சுதாம்மா கழட்டுனேன்." பின்னால அத்தை அவரக் கூப்புடுற சத்தம் கேட்டுச்சு. அவரு போன வாய்க்கு இன்னும் கிட்ட கொண்டு வந்தாரு. "அடுத்த மாசம் நடிக்காத. வலிக்கலன்னாலும் சும்மா கூப்புடு. வரேன்."